தோற்ற செக்ரட்டரி மைக் பிடித்தபோது: சில குறிப்புகள்

வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்ககம், 120 வீடுகள். அங்கே நடந்த அசோசியேஷன் தேர்தலுக்கு என்னைத் தேர்தல் அலுவலராகக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு ஓட்டு. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருந்தால் ஓட்டு கிடையாது என்று அவர்களுடைய துணைவிதி சொல்கிறது. விழுந்தவை 99, செல்லாதவை 2. மூன்று வருடம் செக்ரட்டரியாக இருந்தவருக்கு 45, எதிர்த்து நின்ற அம்மாவுக்கு 52. வித்தியாசம் 7. நான் இங்கே எழுதி வைப்பது எண்ணிக்கை முடிந்த பிறகு தோற்றவர் பேசிய நாலு நிமிடத்தைப் பற்றி.

*

பதவியில் இருப்பவர் தோற்பது வேறு, புதிதாக நின்றவர் தோற்பது வேறு. புதியவர் கைகொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பதவியில் இருந்தவர் கையிலோ மினிட்ஸ் புத்தகம், செக் புத்தகம், லிஃப்ட் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம், மோட்டார் ரூம் சாவி எல்லாம் இருக்கின்றன. பொதுக்குழுத் தீர்மானத்தின் நகலை பேங்கில் கொடுத்துக் கையெழுத்து மாற்ற வேண்டும். சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவானது என்றால் நிர்வாகக் குழு மாறியதைப் படிவம் 7-இல் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். பழைய ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் இதில் ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் இழுக்கும். செக்யூரிட்டி ஆட்களுக்குச் சம்பளம் போட முடியாது. டேங்கர் லாரிக்காரர் பாக்கி கேட்டு வாசலில் நிற்பார்.

தோற்றவர் பேசினாலும் பேசாவிட்டாலும் நான் அறிவித்ததுதான் முடிவு; அவர் பேச்சுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் மேலே சொன்ன வேலைகள் தடங்கலில்லாமல் நடப்பது அந்தப் பேச்சைப் பொறுத்தே இருக்கிறது.

*

நேரம் முக்கியம். சந்தேகம் இருந்தால் மறு எண்ணிக்கையை முதலிலேயே கேட்டு முடித்துவிட வேண்டும். இவர் கேட்டார். செல்லாத இரண்டு சீட்டையும் இரு தரப்பு ஏஜெண்டுகளிடமும் காட்டினேன். ஒன்றில் இரண்டு பெயருக்கும் டிக், இன்னொன்று வெற்றுச் சீட்டு. பார்த்தார், தலையசைத்தார், எண்ணிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் மைக்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2000-இல் அல் கோர் தேர்தல் இரவிலேயே புஷ்ஷுக்குப் போன் போட்டுத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஃபுளோரிடாவில் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வர, மறுபடி போன் போட்டு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வழக்கெல்லாம் முடிந்து டிசம்பர் 13 அன்று பேசியபோது, இந்த முறை திருப்பிக் கூப்பிட மாட்டேன் என்று புஷ்ஷிடம் சொல்லியிருப்பதாக அவரே கேலி செய்தார். நாடு அதைத் தாங்கிக்கொண்டது. 120 வீட்டு அசோசியேஷன் தாங்காது. அங்கே தினமும் அதே லிஃப்டில் முகத்தோடு முகம் பார்த்தாக வேண்டும்.

*

பேச்சு, நினைவில் இருக்கிற அளவுக்கு:

"எல்லாருக்கும் வணக்கம். 52-க்கு 45. எண்ணிக்கையை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன், சரியா இருக்கு. மேடம் ஜெயிச்சிருக்காங்க, வாழ்த்துகள் மேடம். மிக்ஜாம் புயலப்போ நாலு நாள் கரண்ட் இல்ல, லிஃப்ட் ஓடல. நான் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அலைஞ்சிட்டிருந்தேன். மேல் மாடியில தனியா இருக்கிற பெரியவங்களுக்குப் பாலும் பிரஷர் மாத்திரையும் போய்ச் சேர்ந்ததுன்னா, படியேறி ஒவ்வொரு கதவா தட்டினது இவங்கதான். அன்னிக்கு இவங்க எந்தப் பதவியிலயும் இல்ல. வீட்டுக்கு வீடு தண்ணி மீட்டர் வைக்கணும்னு நான் சொன்னேன். இன்னும் அதைத்தான் நினைக்கிறேன். பெரும்பாலானவங்க இப்ப வேணாம்னு சொல்லிட்டீங்க, சரி. எனக்கு ஓட்டுப் போட்ட 45 வீட்டுக்கும் நன்றி. அடுத்த மாச மெயின்டனன்ஸை யாரும் நிறுத்தி வைக்காதீங்க, அது என் பேரைக் கெடுக்கிற வேலை. கணக்குப் புத்தகம், சாவி எல்லாம் நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆபீஸ் ரூம்ல. திங்கட்கிழமை மேடம்கூட பேங்குக்கு நானும் வர்றேன்."

*

கேட்டபோது நன்றாக இருந்தது என்று மட்டும் தோன்றியது. வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஏன் என்று கொஞ்சம் பிடிபட்டது.

"சிறப்பாகச் செயல்பட வாழ்த்துகிறேன்" என்று அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை யாரும் யாருக்கும் சொல்லலாம். கல்யாண மண்டபத்துப் பேனரிலும் எழுதலாம். இவர் ஜெயித்தவர் செய்த ஒரு காரியத்தை எடுத்துச் சொன்னார். அதே நேரத்தில் தான் எங்கே இருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். டீசலும் தேவைதான், அதனால் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வெள்ளத்தை அங்கேயே இருந்து பார்த்தவர்கள். பொய் என்றால் உடனே தெரிந்திருக்கும்.

தண்ணீர் மீட்டர் விஷயம் எனக்கு முதலில் உறுத்தியது. வாழ்த்துகிற இடத்தில் அதை ஏன் இழுக்கிறார்? பிறகு, சொன்னதே நல்லது என்று பட்டது. தேர்தலே அதை வைத்துத்தான் நடந்தது. டேங்கர் செலவைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா, புழங்கிய தண்ணீருக்கு ஏற்ப வாங்குவதா என்று மூன்று மாதமாகச் சண்டை. திடீரென்று அதை விழுங்கிவிட்டுச் சிரித்திருந்தால், 45 வீட்டுக்காரர்களும் தங்களைக் கைவிட்டதாக நினைத்திருப்பார்கள். கருத்தை விடாமல் முடிவை மட்டும் ஏற்றுக்கொண்டார். "ஆனால்" என்று ஒரு சொல் அங்கே நுழையவில்லை என்பதையும் கவனித்தேன். ஜெயித்தது சரிதான், ஆனால் பிராக்ஸி ஓட்டு, ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் பரப்பியது என்று ஆரம்பித்தால் வாழ்த்து அங்கேயே செத்துப் போகும். அந்தக் குறை உண்மையென்றால் எழுத்தில் எனக்குத் தர வேண்டும், மைக்கில் அல்ல.

*

நடுவில் ஒரு சங்கடம். மேடத்தின் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் "ச்ச்" கொட்டினார்கள், ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பேசியவர் நிறுத்திவிட்டு, எழுந்தவரைப் பார்த்து, "சார், ரெண்டு நிமிஷம் உட்காருங்க, எனக்காக" என்றார். அவர் உட்கார்ந்தார்.

2008-இல் ஃபீனிக்ஸில் ஜான் மெக்கெய்ன் ஒபாமாவின் பெயரைச் சொன்னபோது அவருடைய ஆட்களே கூச்சல் போட்டார்கள். கையை உயர்த்தி அடக்கினார். தோற்றவர் தரப்பைத் தோற்றவரால் மட்டுமே அடக்க முடியும். நான் சொல்லியிருந்தால் அந்த ஆள் வெளியே போயிருப்பார், பின்னாலேயே பத்துப் பேர்.

*

மறுநாள் பத்து மணிக்கு நானும் போயிருந்தேன். ஒரு நோட்டில் கைமாற்றுப் பட்டியல் இரண்டு பிரதி எழுதியிருந்தார்: கையிருப்புப் பணம், பேங்க் இருப்பு, எழுதாமல் மீதி இருக்கும் செக் இலைகளின் எண், சம்ப் கழுவிய தேதி, லிஃப்ட் ஒப்பந்தம் முடிகிற மாதம். கொடுக்க வேண்டிய பாக்கிகளைத் தனியாக, சிவப்பு மையில். மேடம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட அரை மணிக்கு மேல் ஆனது.

*

ஜெயித்தவர் பதிலுக்கு என்ன பேசுவது என்று எண்ணிக்கைக்கு முன்பே இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தேன். நன்றி சொல்லுங்கள், சுருக்கமாகச் சொல்லுங்கள், தோற்றவரை மேடையிலேயே கமிட்டிக்குக் கூப்பிடாதீர்கள். எல்லார் முன்னாலும் கூப்பிட்டால் மறுப்பவர் வீம்புக்காரராகத் தெரிவார். ஒப்புக்கொண்டாலோ பதவி ஆசை என்பார்கள். மேடம் அப்போது கூப்பிடவில்லை. பேங்குக்குப் போன அன்று ஆட்டோவில் கேட்டாராம். தண்ணீர்க் கணக்குக்கு மட்டும் வருகிறேன் என்றாராம் அவர்.