நெருப்பை அணைத்த பிறகு

சட்டியில் இருக்கும்போதே முட்டை முழுசாக வெந்துவிட்ட மாதிரி தெரிந்தால், தட்டுக்குப் போவதற்குள் அது வறண்டுவிடும். அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு உடனே போய்விடாது. முட்டை அந்தச் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். பினாங்கில் தொழிற்சாலை ஓவன்களோடு மல்லுக்கட்டும் எனக்கு இது பழகிப்போன விஷயம். ஹீட்டரை நிறுத்திய பிறகும் வெப்பம் கொஞ்ச தூரம் ஏறித்தான் நிற்கும்.

போன வருஷம் அப்பாவுக்கு மிச்சமிருந்த பற்களை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பல் செட் வரும்வரை கஞ்சிதான். மூன்றாம் நாளே "நான் என்ன சீக்காளியா?" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். இரண்டு வாரத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. அம்மாவின் முட்டைப் பொரியல் என்றால் அவருக்கு உயிர். ஆனால் பெரிய தீயில் ஓரம் முறுக வறுத்ததை வெறும் ஈறால் எப்படி மெல்லுவது?

அடித்த முட்டை அறுபது டிகிரி தாண்டியதும் கெட்டிப்படத் தொடங்கி, எழுபதை ஒட்டிச் சேர்ந்து நிற்கும். அதற்கு மேலே போனால் புரதம் இறுகித் தன்னிடமிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் முட்டையைச் சுற்றித் தண்ணீர் தேங்குவது அதனால்தான். பெரிய தீயில் இந்த இரண்டுக்கும் நடுவே சில விநாடிதான் கிடைக்கும். சின்னத் தீயில் ஒரு நிமிஷத்துக்கு மேலேயே கிடைக்கும்.

மூன்று முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, வெள்ளைக்கரு இழை தெரியாத அளவுக்கு அடித்துக்கொண்டேன். பட்டர் உருகி நுரைக்கும், ஆனால் சிவக்காத சூட்டில் ஊற்றி, ஓரம் வெளுக்கும்வரை தொடவில்லை. பிறகு சிலிக்கான் கரண்டியால் அடியோடு மெதுவாக ஒதுக்கினேன். விடாமல் கிண்டினால் பொடிப்பொடியாகக் கஞ்சி மாதிரி வரும், அப்பா அதைப் பார்த்தாலே எழுந்துவிடுவார். நிறுத்தி நிறுத்தி ஒதுக்கினால் பெரிய, மெத்தென்ற மடிப்புகள் கிடைக்கும்.

கரண்டி இழுத்த தடம் ஆரம்பத்தில் உடனே மூடிக்கொள்ளும். அது தயங்கித் தயங்கி மூடும்போது, மேலே இன்னும் ஈரப் பளபளப்பு இருக்கையிலேயே இறக்கிவிட வேண்டும்.

அம்மா எட்டிப் பார்த்தார். "வேகலயேடா! வயசானவருக்குப் பச்ச முட்டையா குடுப்ப?"

அந்தக் கவலை நியாயமானது. சால்மொனெல்லா கிருமிக்கு வயதானவர்கள் சுலபமாக ஆட்படுவார்கள். அவர்களுக்கு முட்டை 71 டிகிரியைத் தொட்டாக வேண்டும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை வைத்தேன். இறக்கியபோது 68. கனமான சட்டி என்பதால் அதிலேயே விட்டுக் கிளறினேன், 73க்கு ஏறியது. பளபளப்பு மங்கியது, ஓடும் ஈரம் எதுவும் இல்லை. அதற்கப்புறம் ஒரு விநாடிகூட அதில் விடாமல் தட்டுக்கு மாற்றினேன். லேசான அலுமினியச் சட்டி இவ்வளவு சூட்டைப் பிடித்துவைக்காது. அதில் செய்தால் கொஞ்சம் தாமதித்துத்தான் இறக்க வேண்டும்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ரொட்டியால் தட்டை வழித்தார். அடுத்த ஆறு வாரமும் காலையில் அதேதான். பல் செட் வந்த அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டு, "ஓரம் நல்லா முறுகலா போடு" என்றார்.