ஆவன செய்யவும் என்று முடிக்காதே

தம்பி, சென்னை அலுவலகத்துக்கு நீ எழுதிய மின்னஞ்சலைப் படித்தேன். பணியாளர் பிரிவில் வெகுகாலம் இப்படிப்பட்ட கடிதங்களைப் பெறும் இடத்தில் இருந்தவன் நான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது.

'விசா பேப்பர் இன்னும் வரவில்லை' என்கிறாய். எந்தப் பேப்பர்? உனக்குத் தேவை, நிறுவனம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய வேலை விவரப் படிவம். அதை அப்படியே பெயர் சொல்லிக் கேள். இல்லையென்றால் அவர்கள் வேறொரு கடிதத்தை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள்.

பெரிய ஆபத்து தேதியில் இருக்கிறது. நீ அனுப்பிய வசிப்பு அனுமதி அட்டைப் படத்தில் முடிவு தேதி மே 6 என்று இருக்கிறது. கணினி மாதத்தை முன்னால் காட்டும் பழக்கத்தில் 05/06 என்று எழுதிவிட்டாய். சென்னையில் அதை ஜூன் 5 என்றுதான் படிப்பார்கள். இன்னும் ஒரு மாதம் கூடுதலாக இருக்கிறது என்று உன் கடிதத்தை அடியில் தள்ளுவார்கள். மாதத்தை எப்போதும் எழுத்தில் எழுது.

அந்த மே 6 கூட அவர்களுக்கான கெடு இல்லை. ஜெர்மனியில் அட்டை காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதி செல்லும் என்பது சட்டம். அதனால் உன் கெடு, வெளிநாட்டவர் அலுவலகத்தில் உனக்குக் கொடுத்திருக்கும் ஏப்ரல் 28. படிவம் வராவிட்டாலும் அன்று போய், இருப்பதைக் கொடுத்து விண்ணப்பத்தைப் பதிந்துவிடு.

'பலமுறை கேட்டும்' என்பதை எடுத்துவிடு. கோபம் வந்தால் கோப்பு நகராது. கடைசியாக எழுதிய தேதியைச் சொன்னால் போதும், அவர்களே தேடி எடுப்பார்கள். 'ஆவன செய்யவும்' என்பதும் வேண்டாம். அதைப் படிக்கும் மூன்று பேரும் அடுத்தவர் செய்வார் என்று நினைப்பார்கள். நான் இப்படி மாற்றியிருக்கிறேன், ஆங்கிலத்தில் எழுதிக்கொள்:

'பொருள்: வேலை விவரப் படிவம், ஏப்ரல் 24க்குள் தேவை.

வணக்கம். என் வசிப்பு அனுமதி மே 6 அன்று முடிகிறது. நீட்டிப்புக்கு ஏப்ரல் 28 அன்று நேரம் கிடைத்திருக்கிறது. அந்தக் கடிதத்தை இணைத்துள்ளேன். ஏப்ரல் 2 அன்று அனுப்பிய படிவத்தை மீண்டும் இணைத்துள்ளேன். அதை நிரப்பிக் கையெழுத்திட்டு ஏப்ரல் 24க்குள் ஸ்கேன் அனுப்புங்கள். யார் கையெழுத்திடுகிறார் என்பதை நாளைக்குள் தெரிவித்தால் அவரிடமே பேசிக்கொள்வேன்.'

படிவத்தில் உன் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பார். சென்னைப் பதிவேட்டில் நீ இன்ஷியலோடு இருப்பாய். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் இணைத்துவிடு.

ஜெர்மனியில் இப்போது கோடைநேரம், அங்கே காலை ஆறரை என்றால் சென்னையில் பத்து. அதற்குள் அனுப்பிவிட்டால் அன்றைக்கே கையெழுத்துக்குப் போகும்.