இஎம்ஐ இல்லாத கடன்: அம்மா வீட்டுப் பத்திரம் பேங்க்ல இருந்த கதை

1/ டாக்டர் எதுக்கு வட்டிக் கணக்கு பேசறார்னு நினைக்காதீங்க. பத்து படுக்கை ஆஸ்பத்திரி நடத்தறவனுக்குப் பாதி வேலை வைத்தியம், மீதி வேலை பணம் பொரட்டறது. இந்த இழை, வீட்டை அடமானம் வச்சு வாங்கற ஓவர்டிராஃப்ட் பத்தினது. சுருக்கமா ஓ.டி.ன்னு சொல்லுவாங்க. வாங்கினவங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க பொறுமையா படிங்க.

2/ எங்க ஆஸ்பத்திரியில இன்சூரன்ஸ் பணம் ரெண்டு மூணு மாசம் கழிச்சு மொத்தமா வரும். ஆனா சம்பளமும் மருந்துக் கடை பில்லும் மாசாமாசம் கொடுத்தாகணும். இந்த இடைவெளியைச் சமாளிக்க பேங்குக்குப் போனேன். மேனேஜர், "டாக்டர், உங்களுக்கு ஓ.டி.தான் சரி. இஎம்ஐ கிடையாது. வட்டி மட்டும் கட்டினா போதும்"னார். அவர் சொன்னதுல பொய் இல்லை. அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடிச்சுது.

3/ வீடு அம்மா பேர்ல. அப்பா கட்டினது. அம்மா வந்து கையெழுத்துப் போட்டாங்க, பத்திரத்தைக் கொடுத்தோம். லிமிட் 20 லட்சம், வட்டி வருஷத்துக்கு 10.95 சதவீதம். வெளிய வந்ததும் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "பத்திரம் எப்ப கண்ணு திரும்ப வரும்?" சீக்கிரம் வந்துரும்மான்னு சொன்னேன்.

4/ இப்ப கணக்கு. சாதாரணக் கடன்ல 20 லட்சத்தையும் முதல் நாளே கொடுத்துடுவாங்க. அதே வட்டியில 10 வருஷம்னா இஎம்ஐ சுமார் 27,500 ரூபாய். அதுல வட்டியும் இருக்கு, அசலும் இருக்கு. ஓ.டி.யில அப்படி இல்லை. 20 லட்சம்ங்கறது ஒரு வரம்பு மட்டும்தான். எடுத்தாதான் கடன். எடுத்த தொகைக்கு, எத்தனை நாள் வெளிய இருந்துதோ அத்தனை நாளுக்கு வட்டி.

5/ 10.95 சதவீதத்தை 365 நாளால வகுத்தா, ஒரு லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 30 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனசுல வச்சுக்கங்க. உங்க வட்டி விகிதம் வேறயா இருந்தா உங்க எண்ணும் கொஞ்சம் மாறும். தினமும் நாள் முடியறப்ப கணக்குல எவ்வளவு பாக்கி நிக்குதோ, அதுக்குத்தான் அன்னைக்கு வட்டி.

6/ என் ஒரு ஜூன் மாசத்தைப் பாருங்க. 1ஆம் தேதி பாக்கி 20 லட்சம். ஒரு நாளைக்கு 600 ரூபாய், 5 நாளைக்கு 3,000. 6ஆம் தேதி இன்சூரன்ஸ் பணம் 8 லட்சம் வந்துச்சு, பாக்கி 12 லட்சமா இறங்குச்சு. ஒரு நாளைக்கு 360, 20 நாளைக்கு 7,200. 26ஆம் தேதி சம்பளம், பில்லுன்னு 6 லட்சம் எடுத்தேன். 18 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 540, 5 நாளைக்கு 2,700. மொத்தம் 12,900.

7/ அந்த 8 லட்சத்தை நடப்புக் கணக்குலயே தூங்க விட்டு, சம்பளத்தையும் அதுலருந்தே கொடுத்திருந்தா? மாசம் முழுக்க 20 லட்சத்துக்கு வட்டி, 18,000 ரூபாய். வித்தியாசம் 5,100. வந்த பணத்தை வந்த அன்னைக்கே ஓ.டி.யில போட்டதுக்குக் கிடைச்ச கூலி அது. இதுதான் ஓ.டி.யோட உண்மையான லாபம். போட்ட பணத்தைத் தேவைப்பட்டா திரும்ப எடுத்துக்கலாம். சாதாரணக் கடன்ல முன்கூட்டியே கட்டினது கட்டினதுதான்.

8/ ஒரு சின்ன விஷயம். காலையில போட்டு சாயங்காலம் எடுத்தா பிரயோஜனம் இல்லை, நாள் முடிவுல நிக்கறதுதான் கணக்கு. செக் போட்டா, அது கிளியர் ஆகி பணம் வந்த பிறகுதான் வட்டி குறையும்.

9/ இனி நான் பண்ணின தப்பு. ஓ.டி. கிடைச்ச முதல் மாசமே 12 லட்சத்துக்கு ஸ்கேன் மெஷின் வாங்கினேன். லிமிட்தான் இருக்கே, இஎம்ஐ தொல்லையும் இல்லையேன்னு நினைப்பு. மாசக் கடைசியில வட்டியைப் பேங்கே கணக்குல பற்று வச்சுடும், நானும் கட்டிடுவேன். கடன் நல்லா ஓடுதுன்னு நம்பிக்கிட்டு இருந்தேன்.

10/ மூணு வருஷம் கழிச்சு, ஓ.டி.யைப் புதுப்பிக்கறப்ப 12 மாச ஸ்டேட்மென்டை எடுத்து வச்சு உக்காந்தேன். வார்டுல காய்ச்சல் சார்ட் பார்க்கற மாதிரி பாக்கித் தொகையை மட்டும் பார்த்துக்கிட்டே வந்தேன். ஏறுது, இறங்குது. ஆனா ஒரு நாள் கூட 12 லட்சத்துக்குக் கீழ வரலை. நார்மலைத் தொடாத காய்ச்சல் அது. அப்பதான் உறைச்சுது.

11/ அந்த 12 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 360 வீதம் மூணு வருஷத்துல 3,94,200 ரூபாய் வட்டி கட்டியிருக்கேன். அசல் 12 லட்சம் அப்படியே நிக்குது. அதே மெஷினை அதே வட்டியில 7 வருஷ இஎம்ஐயில வாங்கியிருந்தா மாசம் சுமார் 20,500 கட்டியிருப்பேன். மூணு வருஷத்துல அசல் 8 லட்சத்துக்குக் கொஞ்சம் கீழ வந்திருக்கும். மெஷின் பழசாகிடுச்சு, கடன் மட்டும் புதுசாவே இருக்கு.

12/ இன்னொரு ஆபத்தும் உண்டு. வட்டியைக் கட்டாம விட்டா அது பாக்கியோட சேர்ந்துடும், அடுத்த மாசம் அந்த வட்டிக்கும் வட்டி. லிமிட் முழுக்க எடுத்தவங்களுக்கு வட்டி விழுந்ததுமே கணக்கு லிமிட்டைத் தாண்டும். அப்படியே தொடர்ந்து 90 நாள் நின்னா ரிசர்வ் பேங்க் விதிப்படி அது வாராக்கடன். 90 நாள்ல பற்று வச்ச வட்டி அளவுக்குக்கூட வரவு இல்லைன்னாலும் அதே கதி. அப்புறம் 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் வரும். வீட்டைத் தொடற நோட்டீஸ்.

13/ நான் என்ன பண்ணினேன்? வருஷத்துல பாக்கி இறங்கின மிகக் குறைஞ்ச அளவு எதுவோ, அது கைமாத்துத் தொகை இல்லை, நிரந்தரக் கடன். அந்த 12 லட்சத்தை 7 வருஷத் தவணைக் கடனா மாத்தித் தரச் சொன்னேன். ஓ.டி. லிமிட்டை 8 லட்சமாக் குறைச்சேன். கடன் கணக்கைப் பிரிக்க ஒரு சார்ஜ் போட்டாங்க, கொடுத்தேன். மாசம் 20,500 கட்டறது கடினமாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு மாசமும் அசல் குறையறது தெரியுது.

14/ ஓ.டி. வச்சிருக்கறவங்க இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. கடைசி 12 மாச ஸ்டேட்மென்டை எடுத்து, பாக்கி எந்த நாள்ல ரொம்பக் கம்மியா இருந்துதுன்னு தேடுங்க. அது பூஜ்யத்துக்குப் பக்கம்னா நீங்க ஓ.டி.யைச் சரியா பயன்படுத்தறீங்க. லிமிட்ல பாதிக்கு மேலன்னா, உங்ககிட்ட இருக்கறது இஎம்ஐ இல்லாம ஒளிஞ்சிருக்கற ஒரு பெரிய கடன்.

15/ போன வாரம் அம்மா மறுபடி கேட்டாங்க, பத்திரம் எப்ப கண்ணு வரும்னு. இந்தத் தடவை வருஷமும் மாசமும் சொல்ல முடிஞ்சுது. காலண்டர்ல பின்பக்கம் எழுதி வச்சுக்கிட்டாங்க.