மூன்றில் ஒரு பங்கு

இராசபாளையத்து ஆசிரியை ஒருவர், திருவில்லிபுத்தூரில் நாங்கள் அச்சிட்ட செய்திமடலுக்கு 300 சொற்களில் தலையங்கம் எழுதியிருந்தார். இடமோ 200 சொற்களுக்கே இருந்தது.

"மழை வரும்னா மலை கிட்ட வந்து நிக்கும்" என்ற தொடரை முதலில் அடித்தேன். வாய்விட்டுப் படித்தபோது அவர் குரலே மறைந்திருந்தது, தொடரை மீட்டேன். மாறாக, எந்த இதழுக்கும் பொருந்தும் முதற்பத்தியை நீக்கினேன். 60 சொற்கள் குறைந்தன. கூறியதையே கூறிய முடிவுரையில் 26 சொற்கள் போயின. "மாணவர்களால் மரக்கன்றுகள் நடும் பணி மேற்கொள்ளப்பட்டது" என்பதை "மாணவர்கள் மரக்கன்றுகள் நட்டனர்" என்றாக்கினேன். ஐந்து சொற்கள் மூன்றாயின. இத்தகைய ஏழு தொடர்கள் எஞ்சிய 14 சொற்களைத் தந்தன.

அச்சுக்கு முன் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எதை நீக்கினீர்கள், ஐயா?" என்று கேட்டார்.