ஏழாம் காட்சியில் ஒரு சைக்கிள்

பரந்தனில் ஒரு வீட்டு விறாந்தையில் ரீச்சர் கொப்பிகளை விரித்து வைத்திருந்தார். ஊர்ப் பெடியள் குறும்படத்துக்கென எழுதிய திரைக்கதை அது. படம் எடுக்கக் காசு சேராததால், கதையாக்கி மலரில் போடக் கேட்டிருந்தார்கள். வசனத்தில் ஒரு சொல் மாறக்கூடாது, காட்சி வரிசையும் குலையக்கூடாது என்பது பேச்சு. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1978இல் படமானதுபோல நாவல் திரைக்குப் போனதைத்தான் நாங்கள் அதிகம் பேசியிருக்கிறோம். எதிர்த்திசை வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்கவே போயிருந்தேன்.

ரீச்சர் ஏழாம் காட்சியை எடுத்தார்.

காட்சி 7. வெளி. கிணற்றடி. காலை.
அண்மைக் காட்சி: துலாக்கயிற்றைப் பிடித்திருக்கும் அம்மாவின் கை.
மகள்: (தயங்கி) அண்ணா இன்னும் வரேல்லை அம்மா.
அம்மா: வருவான். நீ குடத்தைப் பிடி.
வெட்டு: படலையில் அண்ணனின் சைக்கிள். ஆளில்லை.

“இடமும் நேரமும் முதல் வரியிலயே இருக்கு. ஒவ்வொரு காட்சியையும் ‘காலை, கிணற்றடியில்’ எண்டு தொடங்கினால் அது திரைக்கதையாத்தான் இருக்கும்” என்றார். துலாவின் நிழல் வேலிவரை நீண்டு கிடந்தது என்று எழுதினார். காலையும் கிணறும் அதற்குள் வந்துவிட்டன. அண்மைக் காட்சிக்கு, கயிற்றில் இறுகிய கையை முதலில் சொல்லி, அது அம்மாவுடையதென்பதைப் பிறகு சொன்னார். அடைப்புக்குள் இருந்த தயக்கத்தை ‘தயங்கியபடி கூறினாள்’ என்று வசனத்தின் வாலில் கட்டவில்லை. துடைத்த குடத்தையே மகள் மறுபடி துடைத்தாள்; அதன் பிறகு பேசினாள்.

சிக்கல் சைக்கிளில்தான். திரையில் அதைப் பார்ப்பவர்கள் நாங்கள் மட்டுமே. கிணற்றடியில் நிற்கும் இருவருக்கும் தெரியாது. கதையின் முதல் வரைவில், முதல் ஆறு காட்சிகளையும் மகளின் கண்வழியே எழுதியிருந்த பெடியன், இங்கே ‘அவள் படலையைத் திரும்பிப் பார்த்தாள்’ என்று போட்டிருந்தான். ஒன்பதாம் காட்சியிலோ அவள் “அண்ணாவின்ர சைக்கிளை ஆர் கொண்டுவந்து விட்டது?” என்று திகைக்கிறாள். முன்பே கண்டவளுக்கு அந்தத் திகைப்பு ஏது? வசனம் அப்படியே இருந்தும் பொய்யாகிவிட்டது. சைக்கிளை வசனத்துக்கு முன்னால் நகர்த்தவும் முடியாது. அப்போது அம்மாவின் “வருவான்” வேறு மாதிரிக் கேட்கும்.

ரீச்சர் கதைசொல்லியை வெளியே நிறுத்தினார். அதற்காக முதல் ஆறு காட்சிகளுக்கும் திரும்பிப் போய், ‘அவள் நினைத்தாள்’, ‘அவளுக்குத் தோன்றியது’ எல்லாவற்றையும் வெட்டினார். ஒரு வரியைக் காப்பாற்ற அவ்வளவு வேலை. எனக்கு அது சரியென்றே பட்டது.

பத்தாம் காட்சியில் வசனமே இல்லை. ‘அம்மா தேடுகிறாள்: ஆஸ்பத்திரி, பொலிஸ், பஸ் தரிப்பிடம்.’ திரையில் அரை நிமிடம். பஸ் தரிப்பிடத்துக்கு ஒரு பந்தியாவது வேண்டும் என்றேன். “வரிசை குலையாது, ஆனால் பாரம் மாறிப்போகும்” என்று மறுத்து, மூன்று இடங்களையும் ஒரே நீண்ட வாக்கியத்துக்குள் ஓடவிட்டார். அதை வாசித்த பிறகும் என் எண்ணம் மாறவில்லை. பெடியளிடம் இரண்டையும் காட்டுவதாகச் சொல்லி, என் பந்தியையும் எழுதித் தரச் சொன்னார்.