கொப்பியில் ஏறாத கேள்வி

2021 ஒக்டோபரில் பால்மாவுக்கு இருந்த கட்டுப்பாட்டு விலையை அரசாங்கம் நீக்கியது. 400 கிராம் பைக்கற் 380 ரூபாயிலிருந்து 480 ஆனது. விலை ஏறியும் சாமான் ஒழுங்காக வரவில்லை. இறக்குமதிக்கு டொலர் இருக்கவில்லை. குருக்கள்மடத்தில் என் சின்னக் கடைக்கு எப்போதாவது ஒரு பெட்டி வரும், 24 பைக்கற். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

அப்படி 30 நாளில் மூன்று பெட்டி, 72 பைக்கற் விற்றேன். நாளுக்கு இரண்டரைகூட வரவில்லை. ஆனால் அது எனக்குக் கிடைத்த சரக்கின் அளவு, சனங்களின் தேவை அல்ல. ஆகவே பெட்டி வந்த நேரத்தையும் முடிந்த நேரத்தையும் கொப்பியில் எடுத்துப் பார்த்தேன். சாமான் இருந்தது நாலரை நாள்தான். 72ஐ அதால் பிரித்தால் நாளுக்கு 16, மாதத்துக்கு 480. இதையும் என்னால் நம்ப முடியவில்லை. வெறுந்தேத்தண்ணியோடு பத்து நாள் இருந்த வீடு, சாமானைக் கண்ட அன்றைக்கு இரண்டு பைக்கற்றாக எடுத்துக்கொண்டு போகிறது. பழைய விற்பனையைப் பார்க்கலாமென்றால் அது 380 ரூபாய்க் காலத்துக் கணக்கு.

கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்களையும் குறித்துப் பார்த்தேன். “பால்மா வந்திட்டா மனே?” என்று என்னிடம் கேட்ட ஆச்சி அடுத்த இரண்டு கடையிலும் கேட்டிருப்பா. மூன்று கடைக்காரரும் எழுதினால் ஒரு தேவை மூன்றாகிவிடும். இரண்டு கிழமை போனால் அவவும் கேட்பதை விட்டுவிடுவா, அப்போது தேவையே இல்லாததுபோலத் தெரியும்.

விடை தந்தது, ஒருமுறை சேர்ந்து வந்த நாலு பெட்டிதான். முதல் நாள் 17, அடுத்த நாள் 11, மூன்றாம் நாள் 8. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாளும் நாலு, ஐந்து, ஆறு என்றே போனது. அந்த ஐந்துதான் நான் தேடிய எண். முதல் மூன்று நாளில் ஐந்துக்கு மேல் போன 21 பைக்கற்றும் வெறுமையாகக் கிடந்த வீட்டு டப்பாக்களை நிரப்பப் போனவை.

அந்த நாட்களில் இன்னொன்றும் தெரிந்தது. ஐந்தில் இரண்டு பைக்கற் மாலையில் போயின. வாங்கியவர்கள் படுவான்கரையில் வேலை முடித்து, அம்பிளாந்துறையிலிருந்து பாதையில் ஆறு கடந்து வருகிறவர்கள். மத்தியானமே சாமான் முடிந்த நாட்களில் அவர்கள் கொப்பியில் ஒருநாளும் இல்லை. பாதிநாள் விற்பனையை இரண்டால் பெருக்கினாலும் அவர்கள் கணக்கு சரியாக வராது. காலையில் வருகிற சனம் வேறு, மாலையில் வருகிற சனம் வேறு.

அடுத்த 15 நாளுக்கு 75 பைக்கற் எடுத்தேன். கடைசியில் நாலு மிஞ்சின. தட்டு ஒருநாளும் காலியாகாததால், விற்ற 71ஐ அப்படியே கேள்வி என்று கொப்பியில் எழுதினேன்.