கண்ணுக்கு மை, காதுக்கு ஊசி... பாட்டியின் கேள்வியும் டாக்டரின் பதிலும்

இரண்டு மாதக் குழந்தைக்கு இடது கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. "கடை மை இல்லைங்க டாக்டர், விளக்கெண்ணெய் விளக்குல நானே பிடிச்ச மை" என்றார் பாட்டி. சில கடை மைகளில் ஈயம் இருப்பதால் அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால், மை தீட்டும் விரலிலும் கிருமி உண்டே!

கண்ணீரை மூக்குக்குள் இறக்கும் மெல்லிய குழாய் சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது முழுதாகத் திறந்திருக்காது. பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். அதுவரை கண்ணில் நீர் தேங்கும். அதில் மைத்துகளும் விரல் கிருமியும் சேர்ந்தால் தொற்று சுலபமாக வரும். டாக்டர் மையை நிறுத்தச் சொன்னார். கையைக் கழுவிவிட்டு, மூக்கை ஒட்டிய கண்ணோரத்திலிருந்து கீழ்நோக்கி வருடிவிடும் முறையையும் காட்டினார். திருஷ்டிப் பொட்டா? பாதத்தில் வைக்கலாமாம்.

"அடுத்த வாரம் காது குத்தறோமே..." என்று இழுத்தார் பாட்டி. டெட்டனஸுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசி 6, 10, 14-வது வாரங்களில் வருகிறது. மூன்றும் முடிந்த பிறகு, பிரிக்காத புது ஊசியால் காது மடலின் மென்மையான கீழ்ப்பகுதியில் மட்டும் குத்தலாம் என்றார் டாக்டர். பிறகு சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றே காட்ட வேண்டும். மஞ்சள் பத்து போட்டுக் காத்திருக்கக் கூடாது.